ஜெர்மனி பென்ஷன் புள்ளிகள்: பணமாகத் திரும்ப வாங்குவதா, 67 வயது வரை விட்டுவைப்பதா?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் நாலு வருடம், நாலரை வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம், குழந்தை என்று ஆளுக்கொரு காரணம். திரும்பி வந்த எல்லோர் வீட்டிலும் ஒரே கேள்விதான். அங்கே மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா, இல்லை அப்படியே விட்டால் வயதான காலத்தில் ஏதாவது வருமா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கணக்கை வைத்தே இதைப் பார்க்கலாம். வயது 32. 2021 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. மொத்தம் 48 மாதம். அவருடைய அம்மா என்னிடம் கேட்டது இது: "அண்ணா, கையில வர்ற பணத்தை வாங்கி போஸ்டாபீஸ்ல போட்டுட்டா நிம்மதி இல்லையா?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன், அந்தப் பணம் ஜெர்மனியில் இப்போது என்ன உருவத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது பணமாக இல்லை, புள்ளிகளாக இருக்கிறது.

சம்பளம் புள்ளியாவது எப்படி

ஜெர்மன் அரசு பென்ஷனில் உங்கள் பெயரில் யூரோ சேர்வதில்லை. அந்த வருடம் நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தை, அதே வருடம் நாட்டில் காப்பீடு செய்த எல்லோருடைய சராசரிச் சம்பளத்தால் வகுப்பார்கள். வருவதுதான் உங்கள் புள்ளி. சராசரிச் சம்பளம் வாங்கியவருக்குச் சரியாக 1 புள்ளி, அதில் பாதி வாங்கியவருக்கு அரைப் புள்ளி. மேலே ஒரு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் சம்பளம் வாங்கினால் பிடித்தமும் இல்லை, புள்ளியும் இல்லை. நர்ஸ் சம்பளம் அந்த வரம்பைத் தொடுவதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

இந்தப் பெண்ணின் Versicherungsverlauf, அதாவது பென்ஷன் காப்பீட்டு வரலாற்றுத் தாளில் வருடத்துக்கு ஒரு வரி இருக்கிறது: தேதி, சம்பளம், எத்தனை மாதம். அதில் 36.000,00 என்று இருப்பது முப்பத்தாறாயிரம். ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் கமாவும் போடுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது முப்பத்தாறு யூரோ என்று பதறிவிட வேண்டாம். புள்ளிக் கணக்கு இந்தத் தாளில் இருக்காது. நாமே போட வேண்டும்.

2021-ல் படிப்புக்கு அங்கீகாரம் வரும்வரை உதவி நர்ஸ் சம்பளம், எனவே 28,800 யூரோ. அந்த வருடச் சராசரி 40,463. வகுத்தால் 0.7118 புள்ளி. 2022-ல் 36,000, சராசரி 42,053, புள்ளி 0.8561. 2023-ல் 38,400, சராசரி 44,732, புள்ளி 0.8584. 2024-ல் 42,000, சராசரி 47,085, புள்ளி 0.8920. நாலையும் கூட்டினால் 3.3183.

2022-லிருந்து 2023-க்குச் சம்பளம் 2,400 யூரோ கூடியும் புள்ளி கிட்டத்தட்ட அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். நாட்டில் எல்லோருடைய சம்பளமும் அதே வேகத்தில் ஏறியதுதான் காரணம். மற்றவர்களை முந்தினால்தான் புள்ளி ஏறும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடச் சராசரியும் முதலில் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டு, பிற்பாடுதான் இறுதியாகும். 2022-க்கு முதலில் சொன்ன சராசரி 38,901. இறுதியில் வந்தது 42,053. பழைய எண்ணை வைத்துப் போட்டால் இந்தப் பெண்ணுக்கு 0.9254 வரும், உண்மையில் கிடைப்பது 0.8561. யாராவது போட்டுக் கொடுத்த கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு புள்ளிக்கு எவ்வளவு, யார் முடிவு செய்கிறார்கள்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. பறித்து எடை போட்ட பச்சைத் தேயிலை எத்தனை கிலோ என்பது அன்றே சீட்டில் எழுதியாகிவிடும். கிலோவுக்கு என்ன விலை என்பது ஏலச் சராசரியைப் பார்த்து, மாதத்துக்கு ஒருமுறை தேயிலை வாரியம் சொல்லும்போதுதான் தெரியும். புள்ளி அந்தக் கிலோ. ஒரு தடவை எழுதியது மாறாது. புள்ளியின் மதிப்பு அந்த விலை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே விலை இறங்கவும் செய்யும். ஜெர்மன் புள்ளியின் மதிப்பு இறங்கக்கூடாது என்று சட்டத்திலேயே தடை இருக்கிறது.

2025 ஜூலையில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ ஆனது. ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் இது திருத்தப்படுகிறது. சட்டத்திலேயே எழுதிவைத்த சூத்திரம் உண்டு. முதலில் போன வருடம் சம்பளங்கள் எவ்வளவு ஏறின என்று பார்ப்பார்கள். வேலை செய்பவர்களிடம் பிடிக்கும் விகிதம் ஏறியிருந்தால் அந்த அளவுக்கு உயர்வைக் குறைப்பார்கள். அப்புறம், பென்ஷன் வாங்குபவர்களுக்கும் பணம் கட்டுபவர்களுக்கும் உள்ள விகிதம். பென்ஷன்காரர்கள் கூடக் கூட அந்தச் சுமையில் கால் பங்கு உயர்விலிருந்து கழியும். இதெல்லாம் கழித்து எதிர்மறையாக வந்தால், மதிப்பைக் குறைக்காமல் அப்படியே நிறுத்திவிடுவார்கள். 2021-ல் இதுதான் நடந்தது. கொரோனாவில் சம்பளம் விழுந்தும் மேற்கு ஜெர்மனியில் மதிப்பு 34.19-லேயே நின்றது. அடுத்த வருடமே 36.02 ஆனது.

இதற்கெல்லாம் மேலே ஒரு காப்பும் உண்டு. 45 வருடம் சராசரிச் சம்பளத்தில் வேலை பார்த்தவரின் பென்ஷன், அப்போதைய சராசரிச் சம்பளத்தில் 48 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 2025 உயர்வு இந்தக் காப்பை வைத்தே கணக்கிடப்பட்டது. இந்தக் காப்பை 2031 வரை நீட்டி 2025 கடைசியில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சூத்திரம் தன் போக்கில் வேலை செய்தால் சம்பள உயர்வைவிடப் புள்ளி மதிப்பு மெதுவாக ஏறும். நம் பெண்ணுக்கு 67 ஆவது அதற்கு வெகுகாலம் கழித்து. அதனால் கடந்த பத்து வருட வேகத்தை அப்படியே நீட்டிப் பார்ப்பது தப்பு. 2005-ல் 26.13 யூரோவாக இருந்த மதிப்பு 2015-ல் 29.21 ஆனது, வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 2015-லிருந்து 2025-க்கு 40.79 ஆனது, வருடத்துக்கு 3.4 சதவீதம். ஒரே சூத்திரத்தில் ஒரு பத்து வருடம் அப்படி, ஒரு பத்து வருடம் இப்படி. நான் கீழே 2 சதவீதம் என்றுதான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

புள்ளி முறை என்றாலே இப்படித்தான் என்றும் இல்லை. பிரான்சில் தனியார் ஊழியர்களுக்கான துணைப் பென்ஷனான அஜிர்க்-ஆர்கோவில் புள்ளிக்கு இரண்டு விலை. வாங்கும் விலை 2025-ல் 20.1877 யூரோ, அந்தப் புள்ளி பென்ஷனில் தருவது வருடத்துக்கு 1.4386 யூரோ. இவற்றை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. 2025 நவம்பரில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை, மதிப்பு ஏறவே இல்லை. ஜெர்மனியில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை, கணக்கு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டத்தை நாடாளுமன்றம் மாற்றலாம். அந்த அளவுக்குத்தான் அதன் உறுதி.

சரி, 3.3183 புள்ளியை 40.79 ஆல் பெருக்கினால் மாதம் 135.35 யூரோ. 67 வயதில் வாங்கினால் முழுதாக இது. 2025 ஜூலை மதிப்பில்.

திரும்ப வாங்கினால்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியுரிமை உள்ளவர், அங்கிருந்து கிளம்பி வெளியே வசிப்பவர், ஜெர்மன் பென்ஷனில் தானாக விரும்பிப் பணம் கட்டும் உரிமை இல்லாதவர், கடைசியாகக் கட்டாயப் பிடித்தம் நின்று 24 மாதம் ஆனவர் திரும்பக் கேட்கலாம். விண்ணப்பப் படிவம் V0901. நம் பெண்ணுக்கு 2024 டிசம்பரோடு பிடித்தம் நின்றது. ஆகவே 2027 ஜனவரியில்தான் கேட்க முடியும். நான் இங்கே பேசுவது, ஜெர்மன் பென்ஷனுக்குக் குறைந்தது வேண்டிய 60 மாதத்துக்குக் கீழே நிற்பவர்களைப் பற்றி மட்டும்.

திரும்ப வருவது எவ்வளவு? பென்ஷனுக்கான பிடித்தம் சம்பளத்தில் 18.6 சதவீதம். பாதி ஊழியர், பாதி ஆஸ்பத்திரி. திரும்பக் கிடைப்பது ஊழியரின் 9.3 மட்டும். நாலு வருடச் சம்பளம் மொத்தம் 1,45,200 யூரோ, அதில் 9.3 சதவீதம் 13,503.60 யூரோ. வட்டி கிடையாது. ஆஸ்பத்திரி கட்டிய அதே அளவு 13,503.60 அங்கேயே நின்றுவிடும். அந்தப் பணத்தை வாங்கிய நாளோடு புள்ளிகள் எல்லாம் அழியும். பின்னால் மனம் மாறி மறுபடி ஜெர்மனிக்குப் போனாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

புள்ளியில் இரண்டு பாதியும் இருக்கிறது, திரும்ப வாங்கும் பணத்தில் ஒரு பாதிதான் இருக்கிறது. இதை வீட்டில் எல்லோரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

அந்த 2025 மதிப்பிலேயே பார்த்தால் 13,503.60-ஐ 135.35 ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 100 மாதம். அதாவது 67-லிருந்து எட்டு வருடம் நாலு மாதம் உயிரோடு இருந்தால் கட்டியது வந்துவிட்டது. ஆனால் திரும்ப வாங்கிய பணம் 35 வருடம் சும்மா இருக்காதே. அதையும் வளரவிட்டுப் பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 13.5 லட்சம். வரி போக வருடம் 6 சதவீதம் கிடைத்து, ஒரு ரூபாய்கூட எடுக்காமல் 35 வருடம் விட்டால் சுமார் 1.04 கோடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் புள்ளி மதிப்பு வருடம் 2 சதவீதம் ஏறினால் 35 வருடத்தில் இரண்டு மடங்கு. மாதம் 270 யூரோ. யூரோவுக்கு எதிராக ரூபாய் வருடம் 2.5 சதவீதம் இறங்கும் என்று வைத்தால் அப்போது ஒரு யூரோ 237 ரூபாய். மாதப் பென்ஷன் சுமார் 64,000 ரூபாய், அதுவும் வருடாவருடம் ஏறும். 1.04 கோடியை அதே 6 சதவீதத்தில் வைத்து, அந்தப் பென்ஷனுக்குச் சமமாக மாதாமாதம் எடுத்துக்கொண்டே வந்தால் சுமார் 15 வருடத்தில் தீர்ந்துவிடும். அதாவது 82 வயது. அதற்கு முன் காலமாகிவிட்டால் பணமாக வாங்கியது லாபம், பிள்ளைகளுக்கும் மிஞ்சும். அதற்கு மேல் இருந்தால் புள்ளி லாபம்.

இதே புள்ளிகளோடு 50 வயதில் திரும்பிய ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17 வருடத்தில் அவருடைய 13.5 லட்சம் 36 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். பென்ஷன் மாதம் சுமார் 28,800. பதினொன்றரை வருடத்துக்குள் அந்தப் பணம் கரையும், 78 வயதில். பணம் வளர நேரம் குறைவாக இருப்பவருக்குப் புள்ளியின் பக்கம் தராசு சாய்கிறது. இளம் வயதுக்காரருக்கு ஏறக்குறைய சமம். ஆனால் அந்தச் சமம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: 35 வருடம் அந்த டெபாசிட்டை யாரும் தொடக்கூடாது. வீடு கட்ட, தம்பி படிப்புக்கு, தோட்டத்துக்கு உரம் வாங்க என்று ஒரு தடவை எடுத்தால் கணக்கு போயிற்று. புள்ளியை அப்படி எடுக்க வழியே இல்லை. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் முடிவு செய்வது 12 மாதம்

இத்தனை கணக்கையும் ஒரே விதி செல்லாததாக்கிவிடும். ஜெர்மன் வயோதிகப் பென்ஷன் வாங்கக் குறைந்தது 60 மாதம் வேண்டும். நம் பெண்ணிடம் 48 இருக்கிறது. மீதி 12 மாதம் எங்கிருந்து வரும்?

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இங்கே கைகொடுக்கிறது. இந்தியாவில் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இருந்த மாதங்களையும் அந்த 60-க்குச் சேர்த்துக்கொள்வார்கள். இந்திய மாதங்கள் காலத்தை நிரப்பும், அவ்வளவுதான், புள்ளி கூடாது. ஜெர்மனி தருவது அந்த 3.3183 புள்ளிக்கு உரியது மட்டும். இந்திய வேலைக்கான பென்ஷன் இங்குள்ள விதிப்படி தனி.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது கால்குலேட்டர் இல்லை, பி.எஃப். பாஸ்புக். ஜெர்மனிக்குப் போவதற்கு முன் குன்னூரிலோ கோயம்புத்தூரிலோ பி.எஃப். பிடித்த ஆஸ்பத்திரியில் ஒரு வருடமாவது வேலை பார்த்திருந்தால், UAN எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் பங்குக்கான பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனிக்குக் கிளம்பும்போது பலர் பி.எஃப்.-ஐ மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால், அந்த மாதங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இனிமேல் சேரும் வேலையில் பிடிக்கும் மாதங்களும் ஆகும். ஊருக்குள் சின்ன கிளினிக்கில் கையில் சம்பளம் வாங்கி வேலை செய்தால் அது எந்தக் கணக்கிலும் வராது.

இந்தப் பெண்ணுக்குப் போவதற்கு முன் பதினான்கு மாதம் பி.எஃப். பிடித்திருக்கிறது, பென்ஷன் பங்கை எடுக்கவும் இல்லை. 48-ம் 14-ம் சேர்ந்து 62. அவருக்கு நான் சொன்னது: விட்டுவையுங்கள். அந்த 12 மாதத்துக்கு வழியே இல்லாதவர், மறுபடி ஜெர்மனிக்குப் போகும் எண்ணமும் இல்லாதவர் என்றால் 24 மாதம் முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுவதே சரி. அவர் கையில் இருக்கும் புள்ளிகள் 67 வயதில் ஒன்றும் தராது. ஏஜென்சிக்கும் மொழிப் படிப்புக்கும் வாங்கிய கடன் 14, 15 சதவீத வட்டியில் இன்னும் ஓடுகிறது என்றாலும் என் பதில் மாறும். எந்தப் புள்ளியும் அந்த வேகத்தில் ஏறாது.

இன்னும் ஜெர்மனியிலேயே இருப்பவர், 48-வது மாதத்தில் ராஜினாமா எழுதப் போகிறார் என்றால், முடிந்தால் 60 வரை இருந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு வருடம் ஏறத்தாழ 0.9 புள்ளியும் தரும், யாருடைய பாஸ்புக்கையும் நம்ப வேண்டிய நிலையும் இருக்காது.

குழந்தை அங்கே பிறந்து அங்கே வளர்ந்திருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிற்கவும். ஒரு குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் வரை, அங்கே வளர்த்த காலத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி உண்டு. நர்ஸ் வேலையில் ஒரு வருடம் ஈட்டியதைவிட அது அதிகம். வேலை செய்யாத மாதங்களாக இருந்தால் 60 மாதக் கணக்கிலும் சேரும். ஆனால் அது தானாக ஏறாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை ஏற்றாமலே திரும்ப வாங்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதற்கு ஈடாக ஒரு யூரோவும் வராது, ஏனென்றால் அதை ஊழியர் கட்டவில்லை.

விட்டுவைப்பது என்று முடிவெடுத்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஜெர்மன் பென்ஷன் காப்பீட்டு எண், Versicherungsverlauf, ஒவ்வொரு வருடமும் ஆஸ்பத்திரி தந்த வருடாந்தர அறிவிப்புத் தாள், பி.எஃப். விவரம், எல்லாம் ஒரே உறையில். விலாசம் மாறினால் பென்ஷன் காப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள். Versicherungsverlauf-ல் ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால் இப்போதே கேளுங்கள். 35 வருடம் கழித்து அந்த ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவில் கேட்க ஆள் இருக்கமாட்டார். 67-க்குப் பிறகு வருடாவருடம் உயிரோடு இருப்பதற்கான சான்று அனுப்ப வேண்டியிருக்கும், நம் ஊர்ப் பென்ஷன்காரர்கள் கொடுப்பது மாதிரியே.